எட்டுப் பக்கமும் ஒரே அளவில்: ஓலைப்பெட்டியைச் சுழற்றிப் படம் எடுப்பது

தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முடையும் மூடி போட்ட பனையோலைப் பெட்டியை ஆன்லைனில் விற்க, போனில் எட்டுப் படம் எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "மக்கா, இது ரெண்டு பெட்டில்லா?" என்றார். முன்பக்கப் படத்தில் பெட்டி குட்டையாகவும், மூலைப் படத்தில் உயரமாகவும் இருந்தது.

காரணம் தூரம்தான். பெட்டி 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம். அதன் மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி போனை வைத்திருந்தேன். நேராக நிற்கும்போது முன்பக்கம் போனிலிருந்து 32.5 செ.மீ. பெட்டியைத் திருப்பி மூலை முன்னால் வந்தால் அது 27.5 செ.மீ. ஆகிறது. அதனால் அந்த மூலை ஏறத்தாழ 18 சதவீதம் உயரமாகத் தெரியும். போனை 150 செ.மீ. தள்ளி வைத்தால் இதே வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே முதல் வேலை, தள்ளிப் போய் 2x வைத்து எடுப்பது. ஸ்டாண்டில் போனை நிறுத்திய பிறகு உயரத்தையும் ஜூமையும் தொடவே கூடாது.

அடுத்தது சுழல் தட்டு. கேக் அலங்கரிக்கும் தட்டே போதும். அதன் அளவுக்கு வட்டமாகக் காகிதம் வெட்டி மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கோடு கிடைக்கும், கோணமானி தேவையில்லை. காகிதத்தைத் தட்டில் ஒட்டி, கோடுகளின் நுனியை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தட்டின் அடிப்பகுதியில், சுழலாத இடத்தில், ஒரு குறி போதும்; ஒவ்வொரு கோட்டையும் அதற்கு நேரே கொண்டுவந்து ஒரு படம் எடுக்கலாம். பெட்டியின் அடியில் மூலைக்கு மூலை நூல் பிடித்து மையத்தைக் கண்டுபிடித்து, அதைக் காகிதத்தின் மையத்தில் பொருத்துங்கள். மையம் தப்பினால் சுழலச் சுழல பெட்டி இடம் வலமாக ஆடும்.

போனில் பெட்டியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். மழை மேகம் ஓடும் நாளில் ஜன்னல் வெளிச்சம் சட்டென்று மாறிவிடும், அதனால் டைமர் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிப்பது நல்லது. எட்டு முடிந்ததும் முதல் கோட்டுக்கே திரும்பி ஒன்பதாவது படமும் எடுங்கள். முதல் படத்தோடு அது அச்சாகப் பொருந்தாவிட்டால் இடையில் ஏதோ நகர்ந்திருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்துவிட்டு வெட்டும்போது கெடுப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டித் தனித்தனியாக வெட்டினால், 15 செ.மீ. பக்கமும் 20 செ.மீ. பக்கமும் ஒரே அகலத்துக்கு வந்து, சிறிய பக்கம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். எட்டில் அகலமாக நிற்பது மூலைப் படம். அதற்குக் கட்டம் வைத்து, அதே கட்டத்தை எல்லாவற்றுக்கும் போடுங்கள். கணினியில் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் இருந்தால், படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் out என்ற ஃபோல்டரை உருவாக்கிவிட்டு, அங்கிருந்தே டெர்மினலில் இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம்:

```
mogrify -path out -auto-orient -crop 2400x2400+300+800 +repage *.jpg
```

முதல் இரண்டு எண்கள் கட்டத்தின் அளவு. அடுத்த இரண்டும் இடது ஓரத்திலிருந்தும் மேலிருந்தும் தள்ள வேண்டிய பிக்சல்கள், அவற்றை உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.