40 சந்தா என்றால் 480 பெட்டி அல்ல: மாதப் பெட்டிக்கு விலை வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கணக்குக் கொப்பியுடன் பரந்தனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வறுத்த கச்சான், எள்ளுருண்டை, பயத்தம் பணியாரம், முறுக்கு, பனங்கட்டி ஆகியவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, கொழும்பிலும் கண்டியிலும் உள்ள வீடுகளுக்கு மாதம் ஒருமுறை அனுப்பும் சந்தாவைத் தொடங்கியிருக்கிறார். “அக்கா, 40 பேர் சேர்ந்திட்டினம். வருசத்துக்கு 480 பெட்டி போகும்” என்று சொல்லியபடியே கொப்பியைத் திறந்து என் முன் வைத்தார். 40ஐ 12ஆல் பெருக்கி அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தார். நான் தொழில் தொடங்கிய ஆண்டில் எழுதி வைத்ததும் இதே பெருக்கல்தான்.

மாவின் விலையை எழுத மறப்பது, பற்றுச்சீட்டைத் தொலைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். ஓர் ஆண்டு போன பின்பும் கண்ணில் படாத தவறு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

சேர்ந்தவர் 12 மாதமும் இருப்பார் என்று வைத்துக்கொள்வது

என் முதல் பெட்டியின் விலை 2,400 ரூபா. உள்ளே வைக்கும் தின்பண்டங்களுக்கு 1,150 ரூபாவும், பொதி செய்ய 210 ரூபாவும், கூரியருக்கு 450 ரூபாவும் சென்றன. ஆகவே ஒரு பெட்டியில் 590 ரூபா மிஞ்சியது.

இதற்கு வெளியே, ஒருவரைச் சேர்ப்பதற்கென்று தனியாக ஒரு செலவும் இருந்தது. முதற் பெட்டியுடன் இலவசமாகக் கொடுத்த பனையோலைப் பெட்டி 650 ரூபா, முதல் மாதக் கழிவு 500 ரூபா, முகநூல் விளம்பரம் சேர்ந்த ஒருவருக்கு 600 ரூபா என்று அது 1,750 ரூபா ஆயிற்று. அதை 12ஆல் வகுத்து, மாதத்துக்கு ஏறத்தாழ 146 ரூபாதானே என்று எழுதினேன். 590இலிருந்து அதைக் கழித்தால் 444 ரூபா இலாபம் என்பது என் முடிவு. பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. 12 என்ற எண்தான் பிழை.

தை மாதத்தில் சேர்ந்த 40 பேருக்கு அடுத்தடுத்த மாதங்களில் எத்தனை பெட்டி அனுப்பினேன் என்பதைப் பிறகு வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 40, 29, 22, 17, 13, 10, 8, 6, 5, 4, 3, 3. கூட்டினால் 160 பெட்டி. 40 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 4 பெட்டி. 480 பெட்டிகளின் மீது பரப்பி வைத்த சேர்க்கைச் செலவை அதில் மூன்றில் ஒரு பங்கான பெட்டிகளே சுமந்திருக்கின்றன. மாதத்துக்கு 146 ரூபா என்று எழுதிய இடத்தில் உண்மையில் 437 ரூபாவுக்கு மேல் எழுதியிருக்க வேண்டும்.

அந்த 160இலும் எட்டுப் பெட்டிகள் திரும்பி வந்தன. பொதி கைக்குக் கிடைத்த பின் காசு கொடுக்கும் முறையையும் வைத்திருந்தேன். வீடு பூட்டியிருந்தது, தொலைபேசியை எடுக்கவில்லை, “இந்த மாதம் வேண்டாம்” என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள் என்று கூரியர்காரர் திரும்பக் கொண்டுவந்தார். போய்த் திரும்பிய பத்து நாட்களில் முறுக்கு உடைந்து எள்ளுருண்டை கசிந்திருந்தது. திரும்பி வந்ததற்கும் பொதி ஒன்றுக்கு 250 ரூபா கட்டணம் கொடுத்தேன்.

இப்போது முழுக் கணக்கையும் பாருங்கள். 160 பெட்டிக்கான அடக்கச் செலவு 289,600 ரூபா. திரும்பி வந்த எட்டுக்கான கட்டணம் 2,000 ரூபா. 40 பேரைச் சேர்த்த செலவு 70,000 ரூபா. மொத்தம் 361,600 ரூபா. காசு வந்த பெட்டிகள் 152. அவற்றால் கிடைத்தது 364,800 ரூபா. ஓர் ஆண்டு முழுவதும் அடுப்படியிலும் கூரியர் வாசலிலும் நின்றதற்கு அந்த 40 பேரால் எனக்கு மிஞ்சியது 3,200 ரூபா. இதை எழுதும்போது இன்றைக்கும் மனம் எரிகிறது.

ஏன் இவ்வளவு காலம் தெரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மாதமும் விலகியவர்களின் இடத்துக்குப் புதியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பட்டியலில் எப்போதும் 40க்குக் குறையாமல் பெயர்கள் இருந்ததால் தொழில் நிலையாக நிற்கிறது என்று நம்பினேன். பெயர்கள் மாறிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு புதுப் பெயருக்கும் மீண்டும் 1,750 ரூபா போய்க்கொண்டிருந்தது. ஆகவே மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களைக் கொப்பியில் ஒரே வரிசையில் எழுதி, அந்த வரிசையில் மாதா மாதம் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். தையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரிசை, மாசியில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு வரிசை.

ஓர் ஆண்டு காத்திருக்கவும் தேவையில்லை. மூன்று மாதம் அனுப்பிய பின் மாதத்துக்கு எத்தனையில் ஒருவர் விலகுகிறார் என்று பாருங்கள். என் வரிசையில் 29 பேர் 22 ஆனார்கள்; ஏறத்தாழ நான்கில் ஒருவர் விலகினார். அதே வேகத்தில் விலகல் தொடருமானால் ஒருவர் சராசரியாக வாங்கும் பெட்டிகளும் ஏறத்தாழ நான்கே. ஐந்தில் ஒருவர் விலகினால் ஐந்து, பத்தில் ஒருவர் என்றால் பத்து. ஆனால் இந்தக் குறுக்குவழியைப் பழையவர்களும் புதியவர்களும் கலந்த பட்டியலில் செய்யக்கூடாது. நெடுநாள் இருப்பவர்கள் எளிதில் விலகமாட்டார்கள். அவர்களைச் சேர்த்து எண்ணினால் விலகல் குறைவாகத் தெரியும், புதிதாகச் சேர்பவரும் அவ்வளவு காலம் இருப்பார் என்று நம்பி மீண்டும் அதே குழியில் விழுவீர்கள்.

தங்கச்சியிடம் நான் விலையை மட்டும் உயர்த்தச் சொல்லவில்லை. என் கணக்கில் காசு வந்த பெட்டி ஒன்றின் உண்மையான அடக்கவிலை 2,379 ரூபா. அதன்மேல் என் கூலியாக 180 ரூபாவும் இலாபமாக 250 ரூபாவும் வைத்தால் விலை 2,800 ரூபாவைத் தாண்டும். கொழும்பு வாடிக்கையாளரும் அதற்குத் தயங்குவார். சேர்க்கைச் செலவில் கைவைத்தபோதுதான் வழி பிறந்தது. முதல் மாதக் கழிவை நிறுத்தினேன். பனையோலைப் பெட்டியை மூன்றாம் மாதப் பொதியுடன் கொடுக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் மிஞ்சியிருப்பவர்கள் 22 பேர் என்று வைத்தால், 26,000 ரூபாவுக்குப் பதிலாக 14,300 ரூபா போதும். கழிவில் மிச்சமாகும் 20,000 ரூபாவையும் சேர்த்தால், அடக்கவிலை ஏறத்தாழ 2,170 ரூபாவுக்கு இறங்குகிறது. கூலியும் இலாபமும் சேர்த்து 2,600 ரூபா என்று விலை வைத்தேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழிவை நிறுத்தியதும் புதிதாகச் சேர்பவர்கள் குறைந்தார்கள். ஆகவே விளம்பரத்தில் ஒருவருக்கு ஆகும் செலவு ஏறியது. விலையோ சலுகையோ மாறும்போது பழைய வரிசை செல்லாது; புதிய வரிசை ஒன்றைத் தொடங்கி மீண்டும் மூன்று மாதம் எண்ண வேண்டும்.

ஒட்டி முடிக்கும் முன் நிறுப்பது

கூரியர் கட்டணம் கிலோப் படியில் ஏறுகிறது. என் கூரியரில் முதற் கிலோவுக்கு 450 ரூபா. அதற்கு மேல் ஒரு கிலோவோ அதன் பகுதியோ, எதுவானாலும் 90 ரூபா. தின்பண்டங்களை மட்டும் தராசில் வைத்து 960 கிராம் என்று பார்த்துத் திருப்தியடைந்தேன். மட்டையும் தாளும் ரேப்பும் சேர்ந்தபோது அது 1,040 கிராம் ஆனது. அந்த 40 கிராமுக்காகப் பெட்டிக்கு 90 ரூபா. 160 பெட்டிக்கு 14,400 ரூபா. மேலே சொன்ன 3,200 ரூபாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நல்லவேளையாக இரண்டாம் தடவை அனுப்பும்போதே கண்டுபிடித்து, கச்சானில் 50 கிராம் குறைத்தேன்.

சில கூரியர்கள் எடையோடு பருமனையும் பார்ப்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வார்கள். உண்மையான எடையைவிட அது கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம். முறுக்கு காற்றை அடைத்த பண்டம். 30, 24, 18 அளவுப் பெட்டி ஒரு கிலோகூட நிறுக்காவிட்டாலும் இந்தக் கணக்கில் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிடும். சுற்று முறுக்கை விட்டு விரல் நீளத் துண்டுகளாகப் பிழிந்து, 27, 20, 9 அளவுப் பெட்டிக்கு மாறினேன். அது ஒரு கிலோவுக்குள் நிற்கிறது. எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்பதை முதற் பொதி கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பொதி செய்வது என்றால் பெட்டி வாங்குவது என்று நினைப்பது

என் 210 ரூபாவில் மட்டைப் பெட்டி 95 ரூபாதான். உட்பக்கம் அலுமினியத் தாள் பூசிய ஐந்து பைகளுக்கு 70, ரேப்புக்கும் முகவரித் தாளுக்கும் 25, இடைவெளியை நிரப்பும் தாளுக்கு 20. அந்தப் பைகளுக்குப் பதிலாகச் சாதாரணப் பொலித்தீனைப் போட்டு ஐம்பது ரூபா மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த முறுக்கு கொழும்பு போய்ச் சேரும்போது வளையும். அந்த மாதத்து விலகலை வரிசையில் எழுதும்போது காரணம் புரியும்.

அறுவடைக்கால விலையை ஆண்டு முழுவதற்கும் எழுதுவது

தை, மாசியில் கிழங்கு கிண்டும்போது புழுக்கொடியல் மலிவு. மற்ற மாதங்களில் வாங்கும் விலையை எழுதுங்கள்.

ஆண்டுக் காசை முன்கூட்டியே வாங்கிச் செலவழிப்பது

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது எண்ணெய், சீனி, கூரியர் எல்லாம் ஏறின. அதற்கு முன் முழு ஆண்டுக்கும் காசு கட்டியிருந்தவர்களுக்குப் பழைய விலையிலேயே கடைசிப் பெட்டி வரை அனுப்பினேன், ஏனென்றால் கொடுத்த வாக்கு அது. அப்போதிருந்து மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் வாங்குவதில்லை. அந்தக் காசையும் தனி வங்கிக் கணக்கில் வைத்து, பெட்டி போன பின்பே அந்த மாதத்துக்குரியதை எடுக்கிறேன்.

தன் கூலியை இலாபத்துக்குள் மறைப்பது

நிறுத்து, அடைத்து, ஒட்டி, முகவரி எழுத ஒரு பெட்டிக்கு 20 நிமிடம். அதை வேறொருவர் செய்தால் என்ன கொடுப்பீர்களோ அதைத் தனி வரியில் எழுதுங்கள்.