கிளையன்ட் காலில் அரை நிமிட அறிமுகம்: எங்கே சறுக்குகிறது?

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் முதல் முறையாக கிளையன்ட் காலில் பேசினார். சென்னையில் இரவு ஏழரை, நியூயார்க்கில் காலை பத்து. மேனேஜர் அவர் பெயரைச் சொல்லி அழைத்ததுமே படபடவென்று ஆரம்பித்தார். ஒரு வரி பேசிவிட்டு, "நான் பேசுவது கேட்கிறதா?" என்றார். பதில் இல்லை. மறுபடி "ஹலோ, கேட்கிறதா?" என்றபோது, அந்தப் பக்கத்திலிருந்து "கேட்கிறது, சொல்லுங்கள்" வந்து மோதியது. இரண்டு பேரும் நிறுத்தினார்கள், இரண்டு பேரும் ஒன்றாக மறுபடி ஆரம்பித்தார்கள். அரை நிமிட அறிமுகம் இரண்டு நிமிடம் இழுத்தது.

பதற்றம்தான் காரணம் என்று அவர் வருந்தினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரில் பேசிப் பழகிய தாளத்திலேயே ஆன்லைனிலும் பேசியதுதான் கோளாறு.

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, ஒரு வழிக்கே 70 மில்லிசெகண்ட் வழியில் போய்விடும். கேபிள் நேராக ஓடுவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஒலியைச் சுருக்கி அனுப்புவது, விட்டுவிட்டு வரும் துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒலிக்கவிடுவது, ப்ளூடூத் ஹெட்செட் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தாமதத்தை ஏற்றும். ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. இந்த தூரத்தில் அதைத் தாண்டுவது சகஜம்.

ஆனால் பெரிய தாமதம் கேட்பவரின் கையில் இருக்கிறது. அவர் மியூட்டில் இருக்கிறார். உங்கள் கேள்வி காதில் விழுந்து, நம்மைத்தான் கேட்கிறாரா என்று யோசித்து, மவுஸை நகர்த்தி, மைக் பட்டனைத் தேடி அழுத்தி, அப்புறம்தான் பதில் கிளம்பும். இரண்டு மூன்று நொடி ஆகிவிடும். நேரில் கால் நொடியில் பதில் கேட்டுப் பழகிய நமக்கு அது பெரிய மௌனமாகத் தெரிகிறது. ஒரு நொடியிலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். மோதல் அங்கேதான்.

அதனால் "கேட்கிறதா?" என்ற கேள்வியையே அறிமுகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் முன்னால் சேர்ந்து மேனேஜரிடம் ஆடியோ சரிபார்த்துக்கொண்டால் போதும். ஒலி வராவிட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள், அல்லது சாட்டில் எழுதுவார்கள். சாட்டை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

அடுத்த தவறு, பெயரை முதல் சொல்லாகச் சொல்வது. மியூட் எடுத்த கணத்திலும், இரைச்சல் வடிகட்டி "இது பேச்சுதான்" என்று கண்டுகொள்வதற்குள்ளும் முதல் அசை விழுங்கப்படலாம். முருகன் என்ற பெயர் அங்கே 'ருகன்' என்று போய்ச் சேரும். மியூட்டை எடுத்து ஒரு மூச்சு விட்டு, இழந்தாலும் பரவாயில்லாத ஒரு வணக்கத்தை முதலில் அனுப்புங்கள். பெயர் இரண்டாவது வாக்கியத்தில், நிதானமாக வரட்டும்.

அப்புறம் ஜாவா, ஸ்ப்ரிங், டாக்கர் என்று பயோடேட்டாவை வாசிப்பது. கிளையன்ட்டுக்கு வேண்டியது, எந்தப் பிரச்சினைக்கு உங்களைத் தேடுவது என்ற ஒன்றுதான். அந்தத் தம்பியோடு உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் பேசியதன் சாரம் இது: "எல்லோருக்கும் காலை வணக்கம். நான் முருகன், சென்னையிலிருந்து பேசுகிறேன். பேமென்ட் சர்வீஸின் பேக்எண்ட் இனி என் பொறுப்பு. இதற்கு முன் நான்கு வருடம் பில்லிங் சிஸ்டத்தில் இருந்தேன். இந்த வாரம் ரீஃபண்ட் தாமதமாகும் பக்கை எடுத்திருக்கிறேன். என் பக்கத்திலிருந்து அவ்வளவுதான், மேனேஜரிடம் விடுகிறேன்." இருபத்தைந்து நொடி. பெயர் உண்மையானதல்ல, மற்றதெல்லாம் அப்படியே.

கடைசி வாக்கியத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். "அவ்வளவுதான்" என்று சொல்லாமல் நிறுத்தினால், நீங்கள் முடித்தீர்களா, லைன் போய்விட்டதா என்று அங்கே தெரியாது. "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டாலோ, பத்து பேரும் மற்றவர் பேசட்டும் என்று மியூட்டிலேயே இருப்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்லிக் கைமாற்றினால் அவர் மட்டும் மைக்கை எடுப்பார்.

முடித்த கையோடு மியூட்டை அழுத்துவதும் தப்பு. ஏதாவது கேள்வி எழுந்தால் அது வந்து சேர இரண்டு மூன்று நொடி ஆகும் அல்லவா? மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு மியூட் செய்யுங்கள். இரண்டாவது காலில் அந்தத் தம்பி அப்படிக் காத்திருந்தபோது, மூன்றாவது எண்ணில் கேள்வி வந்தது: "அந்த ரீஃபண்ட் பக், வியாழனுக்குள் முடியுமா?"