அரிசி முடிச்சு போட்டும் பிஸ்கட் நமத்துப்போவது ஏன்?

வடகிழக்குப் பருவமழை புதுச்சேரியையும் கடலூரையும் நனைக்கும் மாதங்களில்தான் தீபாவளியும் கிறிஸ்துமஸும் வருகின்றன. வீட்டில் கேக்கும் வெண்ணெய் பிஸ்கட்டும் செய்வது அப்போதுதான் அதிகம். அவை கெடுவதும் அப்போதுதான். பழியைக் கடற்காற்றின் மேல் போட்டுவிடுகிறோம். ஆனால் பாதிக் குற்றம் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரே டின்னில் அடைக்கும் பழக்கம். பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டின் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக வெந்த வெண்ணெய் பிஸ்கட்டில் ஈரம் சுமார் 3 சதவீதம். அது 6 சதவீதத்தை நெருங்கினாலே மொறுமொறுப்பு போய்விடும். அதாவது 400 கிராம் பிஸ்கட்டை நமக்க வைக்க 12 கிராம் தண்ணீர் போதும், இரண்டரை தேக்கரண்டிதான். பக்கத்தில் இருக்கும் அரைக் கிலோ கேக்கிலோ 100 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளேயே கேக் காய்ந்து பிஸ்கட் ஈரமாகும். இரண்டு பண்டமும் ஒரே இரவில் கெடும். காகிதத் தடுப்பு வைப்பதால் பயனில்லை, ஆவிக்குக் காகிதம் தடையல்ல. தனித்தனி டப்பாதான் வழி.

அடுத்தது அரிசி முடிச்சு. உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டால் உப்பு கசியாது என்பது நம் வீடுகளில் தெரிந்த விஷயம், அது உண்மையும்கூட. அதே யோசனையில் பிஸ்கட் டப்பாவிலும் பச்சரிசியைத் துணியில் கட்டிப் போடுகிறார்கள். இங்கே அது எதிராக வேலை செய்யும். உப்பு கசியத் தொடங்குவது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது. அந்த ஈரக் காற்றுக்கு அரிசி காய்ந்த பொருள். பிஸ்கட்டுக்கோ அதைவிட மிக வறண்ட சூழல் வேண்டும். சாதாரண அரிசியில் 12, 13 சதவீத ஈரம் இருப்பதால், பிஸ்கட்டோடு அடைத்தால் வாங்குவதற்குப் பதில் கொடுக்கும். போட்டே தீர வேண்டும் என்றால், வெறும் வாணலியில் நிறம் மாறும்வரை வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆற வைத்துப் போடுங்கள். சில நாட்களுக்கு உதவும். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இன்னும் நல்லது.

ஆற வைப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் துளியாகி மேலே சொட்டும். கேக்கில் பூஞ்சை பிடிப்பதற்கு இதுவே போதும். இதற்குப் பயந்து இரவு முழுவதும் தட்டில் திறந்து வைத்தால், விடியும்வரை பிஸ்கட் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கம்பித் தட்டில் முக்கால் மணி நேரம் வைத்தால் பிஸ்கட் ஆறிவிடும். தொட்டால் சூடு தெரியாத அந்த நேரத்திலேயே அடைத்துவிட வேண்டும். கேக்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அடைக்கும் முன் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாருங்கள். ஓரம் நொறுங்கி நடு மட்டும் வளைந்தால் அது சரியாக வேகவில்லை. அந்த நடு ஈரம் இரண்டே நாளில் ஓரத்துக்கும் பரவும். நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்த்தவை இயல்பாகவே ஈரத்தை இழுப்பவை. அவற்றிடம் வெள்ளைச் சர்க்கரை பிஸ்கட்டின் ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது.

டப்பாவை அடிக்கடி திறக்கும் பிள்ளைகளைத் திட்டுவது கொஞ்சம் அநியாயம். மழை நாளில்கூட மூன்று லிட்டர் டப்பாவுக்குள் இருக்கும் காற்றில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு நீராவிகூட இருக்காது. ஒருமுறை திறந்து உடனே மூடுவதால் கெட்டுவிடாது. இரவும் பகலும் காற்றை விடும் தளர்ந்த மூடிதான் எதிரி. எவர்சில்வர் சம்படங்களில் பல இப்படித்தான். டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அதைப் பருப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். குளிர்ச்சி பூஞ்சையைத் தள்ளிப்போடும், ஆனால் மாவுச்சத்தை இறுக வைத்துக் கேக்கைக் கட்டையாக்கும். கிரீம் கேக்குக்கு வேறு வழியில்லை, ஃபிரிட்ஜ்தான். கிரீம் இல்லாத சாதாரண கேக் இந்தப் பருவத்தில் இரண்டு மூன்று நாள் வெளியே தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் துண்டு போட்டு, இறுகச் சுற்றி ஃபிரீசரில் வைக்கலாம். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். குளிர் போகும்வரை உறை அப்படியே இருந்தால் ஈரம் உறையின் மேல்தான் படியும்.

நமத்த பிஸ்கட்டை 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கி ஆற வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். ஆனால் வெண்ணெய் காறிப்போன வாடை வந்திருந்தால் எந்தச் சூடும் அதைச் சரிசெய்யாது. கேக்கில் ஒரே ஒரு பூஞ்சைப் புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. மென்மையான பண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே பரவியிருக்கும்.