விரித்துப் பார்த்தும் பிழை தப்பிப் போவது எப்படி?

சாதாரண தரப் பிள்ளைகளிடம் மூவுறுப்பு இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்தும் பயிற்சித் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு விடையையும் திரும்ப விரித்துப் பார்க்கச் சொன்னால், அநேகம் பேர் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் பிழையான விடைகள் தப்பிப் போகின்றன. புதுக்குடியிருப்பில் நான் படிப்பிக்கும் ரியூசன் கொட்டிலில் தாள் திருத்தும்போது அடிக்கடி கேட்பது இதைத்தான்: "விரிச்சுப் பாத்தனான் சேர், சரியாத்தானே வந்தது." கொப்பியை வாங்கிப் பார்த்தால், முதலுறுப்பையும் கடைசியுறுப்பையும் மட்டும் பெருக்கிப் பார்த்திருப்பார்.

6x² − 7x − 20 என்ற கோவையை எடுப்போம். இதற்கு (2x + 5)(3x − 4) என்று ஒருவர் விடை எழுதுகிறார். 2x ஐ 3x ஆல் பெருக்கினால் 6x². 5 ஐ −4 ஆல் பெருக்கினால் −20. இரண்டும் கேள்வியில் உள்ளபடியே இருக்க, அவர் சரி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். (6x − 5)(x + 4) என்று எழுதியவருக்கும் இதே 6x², இதே −20 தான் கிடைக்கும். எண் சோடிகளைத் தெரிவதே இந்த இரண்டு முனைகளையும் பார்த்துத்தான் என்பதால், அங்கே பிழை அநேகமாக வராது. நடு உறுப்புத்தான் விடையைச் சோதிக்கும் இடம்.

ஆகவே நான்கு பெருக்கங்களையும் எழுத வேண்டும். முதல் விடை 6x² − 8x + 15x − 20 என்று விரிகிறது. நடுவில் வருவது +7x. இரண்டாவதில் 24x − 5x, அதாவது +19x. இரண்டும் பிழைதான், ஆனால் ஒரே பிழையல்ல. எண் சரியாக இருந்து குறி மட்டும் மாறி வந்தால், இரண்டு அடைப்புகளிலும் உள்ள குறிகளை மாற்றினால் போதும்: (2x − 5)(3x + 4). எண்ணே வேறாக வந்தால் குறியோடு மினக்கெட வேண்டாம், சோடியையே திரும்பத் தேட வேண்டும். 6 × −20 = −120. பெருக்கம் −120, கூட்டுத்தொகை −7 ஆக வருபவை +8, −15.

அந்தச் சோடியைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு இடத்தில் சறுக்கும். 6x² + 8x − 15x − 20 என்று பிரித்து, முதலிரண்டிலிருந்து 2x(3x + 4) எடுத்தாகிவிட்டது. பின்னிரண்டிலிருந்து −5 ஐ வெளியே எடுக்கும்போது கை தன்பாட்டில் −5(3x − 4) என்று எழுதிவிடும். அந்தத் துண்டை மட்டும் அங்கேயே விரித்துப் பாருங்கள்: −15x + 20. நமக்கு வேண்டியது −20. அடைப்புக்குள் + வந்தால்தான் சரி. இரண்டு அடைப்புகளும் ஒன்றாக வராத வரியைக் கண்டும், எப்படியாவது ஒன்றாக்கி விடை எழுதுவோர் இருக்கிறார்கள். அந்த வரியே பிழை இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

விரித்து வந்ததை ஒப்பிட வேண்டியது தாளில் அச்சான கேள்வியோடு, கொப்பியில் நீங்கள் பார்த்து எழுதிய வரியோடு அல்ல. −7x ஐ +7x என்று எழுதிக்கொண்டு தொடங்கியிருந்தால், விரிவு அந்தப் பிழையான வரியோடு அச்சொட்டாகப் பொருந்தும்.

நேரமில்லாதபோது x = 1 என்று பிரதியிடலாம். கோவை 6 − 7 − 20 = −21. சரியான விடை (−3)(7) = −21. முதலில் சொன்ன பிழை விடையோ (7)(−1) = −7. முதலுறுப்பும் கடைசியுறுப்பும் பொருந்துவதை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால் இந்த ஒரு பிரதியீடே போதும், ஏனென்றால் மூன்று குணகங்களின் கூட்டுத்தொகையும் பொருந்தும்போது நடுக் குணகம் வேறாக இருக்க வழியில்லை. x = 0 போட்டால் கடைசியுறுப்பு மட்டுமே வரும், அதனால் பலனில்லை.

விரித்துப் பார்த்துப் பிடிக்க முடியாத பிழையும் ஒன்று உண்டு. 4x² − 10x − 24 இற்கு (2x − 8)(2x + 3) என்று எழுதினால், விரிவு 4x² + 6x − 16x − 24. கேள்வி அப்படியே திரும்பி வருகிறது. ஆனாலும் 2x − 8 இற்குள் இன்னும் ஒரு 2 கிடக்கிறது; முழுமையான விடை 2(x − 4)(2x + 3). அதனால் விரிவு சரி என்று கண்டபிறகு ஒவ்வொரு அடைப்பையும் தனித்தனியே பார்த்து, பொதுக் காரணி மிஞ்சியிருக்கிறதா என்று தேட வேண்டும். இதற்கு நேர் எதிராக, 2 ஐத் தொடக்கத்தில் வெளியே எடுத்துவிட்டுக் கடைசியில் எழுத மறந்தால் விரிவு 2x² − 5x − 12 என்று வரும். எல்லா உறுப்பும் கேள்வியில் உள்ளதன் சரிபாதியாக இருந்தால் அடைப்புகளைத் தொட வேண்டாம், முன்னால் 2 ஐப் போட்டால் சரி.