"வயசாயிடுச்சு, அதான் மறக்குது": மறதியைக் கூட்டும் சில தவறுகள்

என் பெரியப்பா ஒருநாள் காலையில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "போட்டேனா, இல்லையா" என்று யோசித்தபடி நின்றார். அவருக்கு அப்போது 71 வயது. பக்கத்தில் இருந்த மகன் சிரித்துக்கொண்டே, "வயசாயிடுச்சுல்லப்பா, இனிமே நானே எடுத்துத் தர்றேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதே வாரத்தில் அவன் தன் வண்டிச் சாவியை மூன்று தடவை தேடினான், அதற்கு யாரும் அவனுடைய 38 வயதைக் காரணம் சொல்லவில்லை.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. மறதி எல்லா வயதிலும் இருக்கிறது, ஆனால் 65-ஐத் தாண்டியவர் மறந்தால் மட்டும் அது வயதின் கணக்கில் எழுதப்படுகிறது. இளையவர் மறந்தால் "வேலை டென்ஷன்", "தூக்கம் இல்லை" என்று பத்துக் காரணம் கிடைக்கும், அந்தக் காரணங்களைச் சரிசெய்யவும் முடியும். வயதைச் சரிசெய்ய முடியாது. அதனால் காரணம் வயது என்று முடிவுகட்டிய நொடியிலேயே முயற்சியும் நின்றுவிடுகிறது.

வயதானால் மூளையில் எதுவுமே மாறாது என்று சொல்ல வரவில்லை. வேகம் குறையும். தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கும், புதிதாக ஒன்றைக் கற்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். சொல்வளமும் அனுபவ அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இந்த இயல்பான மாற்றத்தின்மேல் "வயசானா மறக்கத்தான் செய்யும்" என்ற நம்பிக்கையும் ஒரு சுமையாக ஏறும்போது, குறைவு இருப்பதைவிடப் பெரிதாகிவிடுகிறது.

எப்படி என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2001-இல் ரஹால், ஹாஷர், கோல்கோம்ப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இளையவர்களையும் முதியவர்களையும் அழைத்து, சில துணுக்குத் தகவல்களைக் கொடுத்து, எது உண்மை, எது பொய் என்று கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் இது ஞாபகசக்திச் சோதனை என்று அழுத்திச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் ஞாபகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வேலை இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். ஞாபகம் என்று சொன்ன இடத்தில் முதியவர்கள் இளையவர்களைவிடப் பின்தங்கினார்கள், சொல்லாத இடத்தில் அந்த வித்தியாசமே காணவில்லை.

இதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது கேத்தரின் ஹஸ்லாமும் அவர் குழுவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. 60 முதல் 70 வயதுக்குள் இருந்த, வீட்டில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்த ஆட்கள். சிலரிடம் "இந்த ஆய்வில் இருப்பவர்களில் நீங்கள் வயதில் மூத்தவர்கள்" என்ற எண்ணத்தை உண்டாக்கினார்கள், சிலரிடம் "நீங்கள் இளையவர்கள்" என்ற எண்ணத்தை. கூடவே, வயதோடு ஞாபகம் மட்டும் குறையும் என்று சொல்லும் கட்டுரையைச் சிலருக்கும், மொத்த அறிவாற்றலும் குறையும் என்று சொல்லும் கட்டுரையை மற்றவர்களுக்கும் படிக்கக் கொடுத்தார்கள். அதன்பிறகு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு சோதனையை வைத்தார்கள். தங்களை மூத்தவர்களாக நினைத்து, மொத்த அறிவாற்றலும் குறையும் என்று படித்தவர்களில் 70 சதவீதம் பேரின் மதிப்பெண், டிமென்ஷியா என்று சந்தேகிக்கும் எல்லைக்குக் கீழே போனது. மற்றப் பிரிவுகளில் அது சுமார் 14 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் பயந்த மனதோடு சோதனைக்கு உட்கார்ந்தவரின் மதிப்பெண் எவ்வளவு புரளக்கூடும் என்பது இதில் தெரிகிறது.

அதனால் இரண்டாவது தவறு, வீட்டிலேயே தேர்வு நடத்துவது. "நேத்து யார் வந்தாங்க, சொல்லுங்க பார்ப்போம்", "பேரனோட பிறந்தநாள் என்னைக்கு?" என்று ஆள் முன்னால் கேட்பது. கேட்பவருக்கு அது விளையாட்டு அல்லது அக்கறை. பதில் சொல்ல வேண்டியவருக்கு, "மறந்துவிட்டால் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் வந்துவிடும். ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரத் தேவைப்படும் கவனத்தில் பாதியை அந்தப் பயமே தின்றுவிட்டால், தெரிந்த பதிலும் வராது. வராததைப் பார்த்து இரண்டு பக்கமும் "பாத்தியா" என்று தலையாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது வெளியே தெரியாத தவறு, இதைச் செய்பவர் பெரியவரேதான். தன் ஞாபகத்தை நம்பாமல், அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுவது. டேனா டூரானும் கிறிஸ்டோபர் ஹெர்ட்ஸாகும் இதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். திரையின் மேலே சொல் ஜோடிகளின் பட்டியல் ஒன்று இருக்கும், கீழே ஒரு ஜோடி வரும், அது பட்டியலில் உள்ளதா என்று சொல்ல வேண்டும். அதே ஜோடிகள் திரும்பத் திரும்ப வருவதால் கொஞ்ச நேரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். இளையவர்கள் சீக்கிரமே பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். முதியவர்களில் பலர், கேட்டால் சரியாகச் சொல்லும் அளவுக்குப் பாடமான பிறகும், ஒவ்வொரு தடவையும் மேலே போய்ப் பட்டியலைச் சரிபார்க்கிறார்கள். வேகத்துக்குச் சன்மானம் உண்டு என்று அறிவித்ததும், அவர்களும் ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். அப்படியென்றால் சரக்கு உள்ளே இருந்திருக்கிறது, எடுத்துப் பார்க்கத்தான் துணியவில்லை.

வீட்டில் இது எப்படி இருக்கும் என்றால், தெரிந்த தொலைபேசி எண்ணைக்கூட நோட்டைப் பார்த்தே போடுவது, போய்ப் பழகிய வழியை யாரிடமாவது கேட்டு உறுதிசெய்துகொள்வது, "எனக்கு எதுவும் நினைவில் நிற்காது, நீயே வெச்சுக்கோ" என்று பேச்சை முடிப்பது. குறிப்பெழுதுவதைக் குறை சொல்லவில்லை. மாத்திரை, மருத்துவரைப் பார்க்கும் தேதி மாதிரி தவறினால் ஆபத்தானவற்றை எழுதித்தான் வைக்க வேண்டும், அதற்கு எந்த வயதும் விலக்கில்லை. மற்றவற்றில் முதலில் பத்து விநாடி நினைத்துப் பார்த்து, ஒரு பதிலை மனதுக்குள் சொல்லிவிட்டு, அப்புறம் நோட்டைப் பார்க்கலாம். நினைவிலிருந்து ஒன்றை வெளியே எடுப்பதே அதை உறுதிப்படுத்தும் பயிற்சி, வெறுமனே திரும்பப் படிப்பதில் அந்தப் பலன் குறைவு.

இனி நாம் செய்யும் பெரிய தவறு: கையிலிருந்து பிடுங்கிச் செய்வது. ஜெர்ரி அவோர்னும் எலன் லாங்கரும் 1982-இல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர்களுக்கு ஒரு எளிய படத்துண்டுப் புதிரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியின்போது கூடவே இருந்து கையோடு உதவினார்கள். இன்னொரு பிரிவுக்கு வாயால் ஊக்கம் கொடுத்ததோடு சரி. பிறகு தனியாகச் செய்யச் சொன்னபோது, ஊக்கம் மட்டும் பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள், உதவி பெற்றவர்கள் முன்பு இருந்ததைவிடப் பின்னால் போயிருந்தார்கள். உதவி சும்மா கைமாறுவதில்லை, "உன்னால் முடியாது" என்ற செய்தியையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். மாத்திரையை மகன் எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் வங்கிக் கணக்கும் பில் கட்டுவதும் மருமகள் கைக்குப் போயின. முப்பது வருஷம் அலுவலகத்தில் கணக்கு எழுதிய மனுஷர், கூட்டல் கழித்தலே தேவைப்படாத நாட்களுக்கு வந்துவிட்டார். நாலு பேர் பேசும் இடத்தில் பேசுவது குறைந்தது. எட்டு மாதம் கழித்து வங்கி அட்டையின் ரகசிய எண் நினைவில் இல்லை என்றார். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். எட்டு மாதமாக ஒருதடவைகூட அவர் அந்த எண்ணை அழுத்தவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வேறு எதற்கோ பார்க்கப் போன மருத்துவர்தான் விஷயத்தைப் பிரித்துப் பார்த்தார். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அதில் தும்மலுக்காக யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்து, ராத்திரி ராத்திரி போட்டுக்கொண்டே வந்த பழைய வகை அலர்ஜி மாத்திரை ஒன்று இருந்தது. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற அந்த வகை மருந்துகள், நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை, முதியவர்களுக்கு மந்தத்தையும் குழப்பத்தையும் தரக்கூடியவை. காது கேட்கும் திறனும் சோதிக்கப்பட்டது, இரண்டு காதிலும் குறைவு. சரியாகக் காதில் விழாத பெயரை எப்படி நினைவில் வைக்க முடியும்?

எல்லாவற்றிலும் அதிகம் கெடுதல் செய்யும் தவறு இதுதான்: வயதுதான் காரணம் என்று மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடுவது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பு குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, காது மந்தம், மருந்துகளின் பக்கவிளைவு, இவை எல்லாமே மறதியாக வெளியே தெரியலாம், இவை எல்லாவற்றுக்கும் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, பட்டியலோடு போய்க் கேட்க வேண்டும். பழகிய தெருவில் வழி தவறுவது, சொன்ன பதிலை மறந்து அதே கேள்வியை ஒரே மணிநேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, வருஷக்கணக்கில் செய்த வேலையின் படிகள் குழம்புவது என்றால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். இரண்டொரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் அது அவசரம், பின்னால் கிருமித்தொற்று போன்ற ஏதாவது இருக்கலாம்.

கடைசியாக, எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும் தவறு ஒன்றும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் தகவலை வைத்து, தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகச் சொன்னது. அதை "நல்லதையே நினைத்தால் ஏழு வருஷம் போனஸ்" என்று பகிர்கிறார்கள். அது இரண்டு பிரிவினருக்கு இடையில் தெரிந்த வித்தியாசம், தனி மனிதருக்குக் கொடுத்த வாக்குறுதி கிடையாது. உடம்பு முடியாதவருக்கு முதுமை கசப்பாகத் தெரிவதும் இயல்பு, ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும் முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஆக, டிமென்ஷியா வந்தவரைப் பார்த்து "நீங்க தப்பா நினைச்சதாலதான் வந்தது" என்று சொன்னால் அது கொடுமை, உண்மையும் இல்லை.

பெரியப்பாவுக்கு அந்த அலர்ஜி மாத்திரை மருத்துவர் சொல்லி நிறுத்தப்பட்டது, காதுக்குக் கருவி வந்தது, கணக்குநோட்டு திரும்ப அவர் கைக்குப் போனது. முதல் மாதம் இரண்டு பில்லை மாற்றிப் போட்டார், மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். மூன்றாவது மாதம் அவள் போட்டிருந்த பழைய கூட்டலில் அவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். ஆட்களின் பெயர் மட்டும் இன்னும் தாமதமாகத்தான் வருகிறது. வரும்வரை யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.