தட்டில் ஆடும் அட்டை மாடி: சோதனையைக் கெடுக்கும் தவறுகள்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மூன்று அட்டைக் கட்டடங்கள் செய்து எடுத்துக்கொண்டு மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்று பிரமிடு, ஒன்று சதுர மாடி, மூன்றாவது கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள் மட்டும் விட்ட மாடி. கோலிக்குண்டுகளின் மேல் வைத்த எவர்சில்வர் தட்டில் ஏற்றி ஆட்டினாள். மூன்றும் தட்டில் இங்கும் அங்கும் வழுக்கின. வேகத்தைக் கூட்டியதும் கார் மாடி கவிழ்ந்தது. “பார்த்தீர்களா மாமா, பிரமிடுதான் பலம்” என்றாள்.

விழுந்த மாடியை எடுத்துப் பார்த்தேன். ஒரு தூண்கூட மடங்கியிருக்கவில்லை. மேசை விரிப்பை இழுத்தால் டம்ளர் சாய்வதுபோல் முழுசாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரமிடு நின்றதற்குக் காரணம் அதன் எடை தாழ்வாக இருந்தது. கட்டடம் எப்படிச் சேதமடையும் என்பதை இந்த ஆட்டம் காட்டவே இல்லை.

முதல் தவறு இதுதான்: மாதிரியைத் தட்டோடு பிணைக்காமல் சும்மா வைப்பது. வழுக்கும் கட்டடத்துக்குத் தட்டின் அசைவு முழுதாகப் போய்ச் சேராது. அசல் கட்டடங்களில் இதையே வேண்டுமென்று செய்வதும் உண்டு. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே புதிதாகக் கட்டிய மாவட்ட மருத்துவமனையை ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் நாம் சோதிக்க வந்தது வடிவத்தை. ஆகவே தடித்த அட்டையில் அடித்தளம் வெட்டி, அதில் கீறல் போட்டுத் தூண்களைச் செருகி ஒட்டி, அந்த அடித்தளத்தை நான்கு மூலையிலும் கிளிப்பால் தட்டோடு இறுக்க வேண்டும்.

அடுத்தது எடை. நிலநடுக்கம் கட்டடத்தை வெளியிலிருந்து தள்ளுவதில்லை. தரை நகரும்போது கட்டடத்தின் சொந்த எடைதான் அதற்கு வினையாகிறது. நான்கு மாடி அட்டை மாதிரி 100 கிராம் தேறாது. அவள் ஆட்டிய வேகத்தில் அதன் அடியில் விழும் விசை, மூன்று ஏ4 தாள்களின் எடைக்குச் சமம். அதில் எது உடையும்? ஒவ்வொரு தளத்துக்கும் இருபது பத்து ரூபாய் நாணயங்களைப் பரப்பி டேப் ஒட்டினோம். தளத்துக்கு ஏறக்குறைய 150 கிராம். (என் உண்டியல் காலியானது. கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தருவதாக வாக்கு.) பரவலாக ஒட்டுவது முக்கியம். ஒரு ஓரமாகக் குவித்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், அது வேறு சோதனையாகிவிடும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் தூண். பார்சல் பெட்டியின் நெளி அட்டையில் தூண் வெட்டினால் அது இந்த எடைக்கு மிகவும் விறைப்பு. எந்த வடிவமானாலும் அசையாமல் நிற்கும், எல்லாமே தேர்ச்சி. இனிப்புப் பெட்டியின் மெல்லிய அட்டையை ஒற்றையாக வைத்தால், ஆட்டுவதற்கு முன்பே நாணயங்களின் பாரத்தில் வளைந்து உட்கார்ந்துவிடும். அதே மெல்லிய அட்டையை மூன்று அடுக்காக ஒட்டி, 1 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமுமாக வெட்டியபோது சரியாக வந்தது. இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்தப் பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அகலமோ பத்து மில்லிமீட்டர். அகலவாக்கில் வளைக்க, கனவாக்கில் வளைப்பதைப் போல் ஏறக்குறைய 70 மடங்கு விசை தேவை. ஒரு மாதிரியில் பட்டைகள் ஆட்டத்துக்குக் குறுக்காகவும் இன்னொன்றில் நேராகவும் திரும்பியிருந்தால், ஒப்பீடு அங்கேயே முடிந்தது. அடித்தளத்தில் ஆட்டும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு ஒட்டுங்கள். கார்த்திகை மழைநாளில் அட்டை ஈரம் குடித்துத் தளரும் என்பதால், ஒப்பிடும் மாதிரிகள் ஒரே பெட்டியிலிருந்து ஒரே நாளில் வர வேண்டும்.

கையால் ஆட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பிடிக்காத கட்டடத்தைக் கை தானாகவே வேகமாக ஆட்டும். ஒரு மரவட்டில் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி ஆணி அடித்து, அதில் மாட்டிய குச்சியைத் தட்டோடு இணைத்தோம். வட்டைச் சுற்றினால் தட்டு எப்போதும் இருபுறமும் 1 செ.மீ. மட்டுமே நகரும். கோலிக்குண்டு எல்லாப் பக்கமும் உருளுவதால், இரண்டு பக்கமும் மர ஸ்கேல் வைத்துத் தட்டை ஒரே திசையில் ஓடவிட்டோம். செல்பேசியில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 120 ‘டிக்’ ஒலி என வைத்து, ஒலிக்கு ஒரு முழுச் சுற்று. அவள் முதலில் ஓர் ஒலிக்கு அரைச் சுற்றுதான் சுற்றினாள். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும் என்பதை மறந்துவிட்டாள். 1 செ.மீ. வீச்சில் வினாடிக்கு 2 சுற்று என்றால், தட்டின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 16 சதவீதம்.

பிரமிடை ஓரங்கட்டினோம். உயரம், எடை, வடிவம் எல்லாமே வேறாக இருந்தால், எதனால் எது நின்றது என்று சொல்ல முடியாது. அச்சாக ஒரே மாதிரி இரண்டு நான்குமாடிகள். ஒன்றில் எல்லா மாடியிலும் அட்டைச் சுவர். மற்றதில் தரைத்தளத்தில் மட்டும் சுவர் இல்லை, நம் ஊர் ஸ்டில்ட் பார்க்கிங் போல. பின்னால் வரைபடத்தாள் ஒட்டி, ஸ்லோ மோஷனில் படம்பிடித்தோம்.

வினாடிக்கு 2 சுற்றில் சுவர் மாடி தட்டோடு ஒன்றாகவே போய் வந்தது. ஸ்டில்ட் மாடியில் மேல் மூன்று தளங்களும் ஒரே பெட்டியாக நகர, தரைத்தளத் தூண்கள் மட்டும் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்ந்து நிமிர்ந்தன. வளைவு முழுவதும் ஒரே தளத்தில். அந்த மாடியை முன்பே விரலால் தள்ளி விட்டுப் படத்தில் எண்ணியிருந்தோம். அது தானாக ஆடுவது வினாடிக்கு 3 முதல் 4 முறை. தட்டை 3 சுற்றுக்கு ஏற்றியதும் ஆட்டம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. சில வினாடிகளில் தூண்களின் தலையிலும் காலிலும் மடிப்புக்கோடு விழுந்து, மேல்மாடிகள் சிதையாமல் அப்படியே கீழே உட்கார்ந்தன. 2001-இல் பூஜிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில், கீழே கார் நிறுத்தமிடம் விட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தது ஏன் என்பதற்கு இந்த மடிப்புக்கோடுதான் விளக்கம்.

ஒரே ஒரு வேகத்தில் ஆட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு தவறு என்பதும் இதில் தெரிகிறது. 2 சுற்றோடு நிறுத்தியிருந்தால் இரண்டு மாடிகளும் நின்றன என்றே எழுதியிருப்பாள்.

கடைசித் தவறு விளக்கப் பலகையில் நடந்தது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலையின் 2002 திருத்தம் சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அந்தத் திருத்தத்தில் அந்த மண்டலத்தின் காரணி 0.16. நம் தட்டின் கணக்கும் 16 சதவீதம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, ‘மூன்றாம் மண்டலத்தைத் தாங்கும் கட்டடம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். அழிக்கச் சொன்னேன். எண் ஒத்துப்போனது தற்செயல். அட்டை மடியும், கான்கிரீட் வெடிக்கும், உள்ளே கம்பி இழுபடும். அளவைச் சுருக்கும்போது இவையெல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் டன் கணக்கில் எடை தாங்கும் அதிர்வு மேசைகளை வைத்திருப்பது இதனால்தான். அட்டை சொல்வது, வளைவு எந்தத் தளத்தில் போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே. பலகையில் ‘தரைத்தளத்தில் சுவர் இல்லாவிட்டால் எங்கே மடிகிறது?’ என்று மாற்றி எழுதினாள்.

“அப்படியென்றால் நம் கட்டடம், மாமா?” என்று கீழே கார்களைக் காட்டிக் கேட்டாள். தூண் வரைபடத்தையும் கம்பி விவரத்தையும் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றேன். வரைபடம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிறோம்.