போர் தண்ணீரில் காவிக் கறை: மலை வீட்டில் இரும்பைப் பிரித்தெடுக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் போர் போட்ட வீடுகளில் இது அடிக்கடி காணும் காட்சி. குழாயில் வரும்போது தண்ணீர் பளிங்குபோல இருக்கும். ஒரு வாளி பிடித்து வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் அடியில் காவி மண் படிந்திருக்கும். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் திட்டு, கழிவறையில் செங்கோடு, வாயில் வைத்தால் ஆணியை நக்கியதுபோல ஒரு சுவை.

உடனே கடையில் ஒரு ஃபில்டர் வாங்கிக் குழாயில் மாட்டுகிறோம். கறை நின்றபாடில்லை. குறை ஃபில்டரில் இல்லை. நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு உப்பைப்போலத் தண்ணீரில் கரைந்தே இருக்கிறது. கரைந்த உப்பைத் துணியில் வடிகட்ட முடியாது, இதையும் அப்படித்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்ட பிறகே அது துருவாகித் திடப்பொருளாகும். ஆகவே வேலை இரண்டு: முதலில் துருவாக்க வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். மலையில் சிக்கல் பெரும்பாலும் முதல் வேலையில்தான்.

முதலில் சோதனை

ஒரு கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீரை நேராகப் பிடியுங்கள். தெளிவாக வந்து சில மணி நேரத்தில் மஞ்சளித்தால் கரைந்த இரும்பு. வரும்போதே காவியாக இருந்தால் பழைய இரும்புக் குழாயின் துருவாகவும் இருக்கலாம். பாலில்லாத கடுந்தேயிலைச் சாயத்தைக் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பதும் நல்ல குறிப்பு. இரும்பு இருந்தால் சாயம் சாம்பல் கறுப்பாக மாறும். தேயிலை நாட்டில் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

அளவு தெரியக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். இரும்பு, மாங்கனீசு, தண்ணீரின் புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்ணான பி.எச்., காரத்தன்மை நான்கையும் கேட்டு வாங்குங்கள். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஆனால் 0.3-ஐத் தாண்டினாலே துணியில் கறை தெரியத் தொடங்கும்.

பி.எச். ஏன் முக்கியம்

இரும்பு துருவாகும் வேகம் பி.எச். ஒரு எண் குறைந்தால் ஏறக்குறைய 100 மடங்கு குறையும். பி.எச். 7-க்கு மேல் நிமிடக் கணக்கில் முடிகிற காரியம் 6-ல் நாள்கணக்கில் இழுக்கும். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் மந்தம். டிசம்பர், ஜனவரியில் இதை நன்றாகவே காணலாம். மலைத் தண்ணீர் பல இடங்களில் மென்மையானது, சற்றே புளிப்பானது. சமவெளியில் சரியாக ஓடும் அமைப்பு இங்கே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

அமைப்பு

ஒரு கணக்கோடு பார்ப்போம். நாளைக்கு 500 லிட்டர் தேவைப்படும் வீடு, தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இரும்பு, பி.எச். 6.4. அப்படியானால் நாளொன்றுக்கு 2 கிராம் இரும்பு. துருவாக மாறினால் உலர்ந்த எடையில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கேட்கச் சின்னது, ஆனால் நீரோடு சேர்ந்து பஞ்சுபோல உப்பி நிற்கும்.

மோட்டார் தண்ணீரை மேல் படிக்கட்டு நிலத்திலுள்ள தொட்டியில் ஏற்றுங்கள். அங்கிருந்து எல்லாம் தானாக இறங்கட்டும். சரிவு நிலம் நமக்குத் தரும் ஒரே இலவசம் இது. தொட்டியின் வால்வை நிமிடத்துக்கு 4 லிட்டர் வருமாறு திருப்பி வையுங்கள். 10 லிட்டர் வாளி இரண்டரை நிமிடத்தில் நிரம்பினால் சரி.

அடுத்து காற்றூட்டும் தட்டுகள். நான்கு பிளாஸ்டிக் தட்டுகளில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 3 மில்லிமீட்டர் துளை போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக 30 சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்குங்கள். தட்டில் கொஞ்சம் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாகச் சிதறும். மட்டம் பார்த்து வையுங்கள், சாய்ந்தால் ஒரு மூலையில் மட்டும் ஒழுகி வேலை கெடும். ஆக்சிஜன் ஏறுவதோடு, தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச்.சும் உயரும். அதனால் தட்டுகளை மூடிய அறையில் வைக்காதீர்கள். கொசு வலை போதும்.

கீழே 500 லிட்டர் தொட்டி. மணிக்கு 240 லிட்டர் வேகத்தில் இங்கே தண்ணீர் இரண்டு மணி நேரம் தங்கும். வெளிவரும் குழாய் மேற்பகுதியில் இருக்கட்டும், அடியில் கசடு திறக்க ஒரு வால்வு வையுங்கள்.

கடைசியில் 200 லிட்டர் டிரம்மில் மணல் வடிகட்டி. அடியில் 15 சென்டிமீட்டர் ஜல்லி, கீழே பெரியது மேலே சிறியது. அதன்மேல் நன்றாகக் கழுவிய, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் 50 சென்டிமீட்டர். அடியிலிருந்து புறப்படும் குழாயை வெளியே மணல் மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மேல்வரை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குங்கள். அப்போதுதான் மணல் காயாது. ஏறிய உச்சியில் T வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு மேல்வாயைத் திறந்தே விடுங்கள்; இல்லையென்றால் குழாயே டிரம்மிலுள்ள தண்ணீரை உறிஞ்சி வற்ற வைத்துவிடும். டிரம்மின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வழிவாய் ஒன்றும் தேவை.

சரியாக ஓடுகிறதா?

முதல் சில நாள் தண்ணீர் கொஞ்சம் மங்கலாக வரலாம். மணல் துருப் படிந்து காவியானதும் திறன் கூடும். அந்தப் படிவே புதிய இரும்பையும் பிடிக்கத் தொடங்கும்.

வெளிவரும் தண்ணீரைத் தெளிந்த பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். பிடிக்கும்போதே கலங்கலாக இருந்தால் கோளாறு மணலில்: மணல் பெரிதாக இருக்கலாம், வேகம் கூடியிருக்கலாம், டிரம் ஓரமாகத் தண்ணீர் நழுவலாம். தெளிவாக வந்து காலையில் மஞ்சளித்தால் இரும்பு இன்னும் துருவாகவே இல்லை. அப்போது மணலைக் கூட்டியோ, இன்னொரு ஃபில்டர் மாட்டியோ பயனில்லை.

அதற்கு மருந்து சுண்ணாம்புக்கல். தட்டுகளுக்கு முன்பு 100 லிட்டர் டிரம் ஒன்றில் 5 முதல் 10 மில்லிமீட்டர் மார்பிள் சில்லு 80 லிட்டர் நிரப்பி, தண்ணீர் அடியில் புகுந்து மேலே எழும்படி இணையுங்கள். நிமிடம் 4 லிட்டரில் எட்டு ஒன்பது நிமிடம் கல்லோடு உறவாடும், புளிப்பு குறையும். வாங்கும் சில்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்க வேண்டும். கருங்கல் சில்லு நுரைக்காது, அது உதவாது. கல் மெல்லக் கரைவதால் குறையும்போது சேர்க்க வேண்டும். துரு பூசிக்கொண்டாலும் வேலை நின்றுவிடும், அடி வால்வைத் திறந்து அவ்வப்போது அலசுங்கள்.

சுத்தம் செய்தல்

மணல்மேல் நீர்மட்டம் வழிவாயைத் தொட்டால் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வரத்தை மூடி, மேல் மணலை 5 சென்டிமீட்டர் ஆழம் கையால் கலக்கி, காவித் தண்ணீரை மொண்டு கொட்டுங்கள். இரண்டு மூன்று தடவை போதும். மணலை வெள்ளையாகும்வரை கழுவினால் காவிப் படிவும் போய், வடிகட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தொட்டிக் கசடைத் தோட்டத்துக் குழியில் ஊற்றுங்கள், ஓடையில் விடாதீர்கள்.

இந்த முறை எட்டாத இடங்கள்

கறை கறுப்பாக இருந்தால் அது மாங்கனீசு; இந்த பி.எச்.சில் காற்று மட்டும் அதை அசைக்காது. சதுப்பு ஓரத்துப் போரில் தண்ணீர் வரும்போதே தேநீர் நிறமாக இருந்தால் இரும்பு மக்கிய தாவரப் பொருளோடு பிணைந்திருக்கும், அதுவும் எளிதில் துருவாகாது. வழவழப்பான காவிப் பிசின் குழாயை அடைத்தால் இரும்பு பாக்டீரியா; போரையே குளோரினால் சுத்திகரிக்க வேண்டும். மணல் வடிகட்டி கிருமியைக் கொல்லாது, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே கறை பிடித்த துணிக்கு பிளீச்சிங் போடாதீர்கள், கரைந்த இரும்பையும் துருவாக்கிக் கறையை இன்னும் இறுக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள்.